ஒரே படுக்கை, இரண்டு கட்டணம்

2015 நவம்பர் 12 முதல் ரயில் பயணச்சீட்டை ரத்து செய்வோருக்குப் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அப்போது பயணக் கட்டணம் ஒரு ரூபாய்கூட உயர்த்தப்படவில்லை என்று ரயில்வே அமைச்சகம் சொல்லிக்கொள்ள முடிந்தது. அது உண்மையும்கூட. ஆனால் பயணம் செய்ய முடியாமற்போனவரிடமிருந்து பிடிக்கப்படும் தொகை ஒரே நாளில் இரட்டிப்பானது. பணத்தைத் திரும்பப் பெறுவதற்கான கால எல்லையும் வெகுவாகச் சுருங்கியது. 2014 ஜூனில் 14.2 சதவீதக் கட்டண உயர்வை வெளிப்படையாக அறிவித்து எதிர்ப்பைச் சந்தித்த அரசு, அம்முறை யாரும் உடனே கவனிக்காத வழியொன்றைத் தேர்ந்தெடுத்தது.

இந்த விதிகள் யாரை எப்படித் தொட்டன என்பதை விளங்கிக்கொள்ள, கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள ஜாதவ்பூரை எடுத்துக்கொள்ளலாம். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் தம் கைகளாலேயே எழுப்பிக்கொண்ட குடியிருப்புகள் நிறைந்த பகுதி அது. அங்கிருந்து தமிழகம் நோக்கிப் புறப்படுவோரில் கணிசமானோர் சுற்றுலாப் பயணிகள் அல்லர்; வேலூருக்கும் சென்னைக்கும் மருத்துவம் நாடிச் செல்லும் நோயாளிகளும் அவர்களுக்குத் துணையாகச் செல்வோருமே ஆவர். காட்பாடி ரயில் நிலையத்திலும் வேலூரின் விடுதித் தெருக்களிலும் வங்கமொழி ஒலிப்பதைத் தமிழக வாசகர்கள் நன்கறிவர். நோயாளியின் பயணம் என்பது உறுதியற்ற பயணம். மருத்துவர் குறித்த தேதி மாறலாம். பரிசோதனை முடிவு தாமதமாகலாம். புறப்படும் நாளன்று காலையில் நோயாளியின் உடல்நிலை மோசமாகலாம். ரத்துக் கட்டணத்தின் பாரம் முதலில் விழுவது இத்தகையோர்மீதுதான்.

கணக்கு எப்படிப் போடப்பட்டது?

ஜாதவ்பூரைச் சேர்ந்த ஒரு குடும்பம், நோயாளி ஒருவரும் துணைக்கு இருவருமாக மூன்று பேர், ஹவுராவிலிருந்து சென்னைக்குக் கோரமண்டல் விரைவு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் முன்பதிவு செய்திருப்பதாகக் கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டு ஒருவருக்கு 700 ரூபாய் வீதம் மொத்தம் 2,100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூவருக்கும் படுக்கை உறுதியாகிவிட்டது. 2015-இல் அந்த ரயில் ஹவுராவிலிருந்து பிற்பகல் 2.50 மணிக்குப் புறப்பட்டது. காலக் கணக்கு முழுவதும் இந்தப் புறப்பாட்டு நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகிறது.

புறப்பாட்டுக்கு 48 மணி நேரத்துக்கு முன்னதாக ரத்து செய்தால், கட்டணம் எவ்வளவாக இருந்தாலும் வகுப்புக்கு ஏற்ற ஒரு நிலையான தொகை ஒவ்வொரு பயணிக்கும் பிடிக்கப்பட்டது. இரண்டாம் வகுப்புக்கு 60 ரூபாய், ஸ்லீப்பருக்கு 120, மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்புக்கு 180, இரண்டடுக்குக் குளிர்சாதன வகுப்புக்கு 200, முதல்வகுப்புக் குளிர்சாதனத்துக்கு 240. இக்குடும்பத்துக்குப் பிடித்தம் 360 ரூபாய். கைக்கு வருவது 1,740. நவம்பர் 11 வரை இதே பிடித்தம் 180 ரூபாயாக இருந்தது.

48 மணி நேரத்துக்கும் 12 மணி நேரத்துக்கும் இடையில் ரத்து செய்தால் கட்டணத்தில் 25 சதவீதம் பிடிக்கப்பட்டது. ஒருவருக்கு 175 வீதம் 525 ரூபாய் போய், 1,575 திரும்பும். 12 மணி நேரத்துக்கும் 4 மணி நேரத்துக்கும் இடையில் என்றால் பாதிக் கட்டணம் போய்விட்டது. 1,050 ரூபாய்தான் மிஞ்சும். புறப்பாட்டுக்கு 4 மணி நேரத்துக்குள், அதாவது அன்று காலை 10.50 மணிக்குப் பிறகு சென்றால் ஒரு காசும் கிடைக்கவில்லை.

பழைய விதிகளோடு ஒப்பிட்டால்தான் இதன் கடுமை புலப்படும். 2013 ஜூலை முதல் நடைமுறையிலிருந்த விதிகளின்படி, 25 சதவீதப் பிடித்தம் புறப்பாட்டுக்கு 6 மணி நேரம் முன்பு வரை நீடித்தது. அதன் பிறகு பாதிக் கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமை, ரயில் புறப்பட்டுச் சென்று 2 மணி நேரம் ஆகும் வரை இருந்தது. ஹவுரா செல்லும் வழியில் போக்குவரத்து நெரிசலில் சிக்கி ரயிலைத் தவறவிட்டவர்கூட, அன்று மாலைக்குள் பாதிப் பணத்தையாவது பெற முடிந்தது. அதே மனிதர், ரயில் புறப்படுவதற்கு 4 மணி நேரம் முன்பே தாம் அதைத் தவறவிடப்போவதை அறிந்திருக்க வேண்டும் என்று புதிய விதி எதிர்பார்த்தது.

காகிதத்தில் உள்ள கடிகாரமும் கவுண்டரின் கடிகாரமும்

இணையம் வழியாகச் சீட்டு எடுத்தவர் நள்ளிரவிலும் ரத்து செய்யலாம். அப்போது கவுண்டரில் வாங்கியவர் சீட்டைக் கவுண்டரிலேயே ஒப்படைக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான முன்பதிவு மையங்கள் காலை 8 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூடப்படுகின்றன. இந்த ஒரு வேறுபாடு விதியின் பொருளையே மாற்றிவிட்டது.

மேற்சொன்ன கோரமண்டல் பயணத்தில் 12 மணி நேர எல்லை விழுந்தது அதிகாலை 2.50 மணிக்கு. அந்த நேரத்தில் கவுண்டர் ஏது? எனவே கவுண்டர் சீட்டு வைத்திருப்பவருக்கு 25 சதவீதப் பிடித்தத்தோடு ரத்து செய்யும் வாய்ப்பு முந்தைய நாள் இரவு 8 மணியோடு முடிந்துவிட்டது. விதி 12 மணி நேரம் என்றது. நடைமுறையில் அது ஏறத்தாழ 19 மணி நேரமாகிவிட்டது. இரவு 9 மணிக்கு நோயாளிக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டால், இணையச் சீட்டு வைத்திருப்பவர் 175 ரூபாயை இழக்க நேர்ந்தது. கவுண்டர் சீட்டு வைத்திருப்பவர் 350 ரூபாயை இழக்க நேர்ந்தது. அதே ரயில், அதே வகுப்பு, அதே துன்பம்.

அந்தப் பாதிப் பணத்தைப் பெறுவதும் எளிதாக இருக்கவில்லை. காலை 8 மணிக்கும் 10.50 மணிக்கும் இடைப்பட்ட நேரமே எஞ்சியிருந்தது. குளிர்சாதன வகுப்புகளுக்கான தட்கல் முன்பதிவு 10 மணிக்கும், ஸ்லீப்பர் உள்ளிட்ட மற்ற வகுப்புகளுக்கான தட்கல் 11 மணிக்கும் தொடங்குவதால், கவுண்டர்களில் நெரிசல் உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுவே. வரிசையில் நிற்கத் தொடங்கிய நேரத்தை ரயில்வே கணக்கில் கொள்வதில்லை. கணினியில் ரத்து பதிவாகும் நேரமே கணக்கு. வரிசையில் நிற்கும்போதே 10.50 கடந்துவிட்டால் 1,050 ரூபாயும் கடந்துவிடும். இணையத்தையும் வங்கி அட்டையையும் கையாளத் தெரியாதவர்களே இன்னும் கவுண்டரை நம்பியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால், கூடுதல் இழப்பு யார் தலையில் விழுகிறது என்பது சொல்லாமலே விளங்கும்.

குறைந்தபட்சத் தொகை என்னும் பொறி

25 சதவீதம், 50 சதவீதம் என்ற சொற்கள் ஒரு நியாயமான விகிதாசாரத்தைக் காட்டுவதுபோல் தோன்றுகின்றன. ஆனால் விதியில் ஒரு சிறு தொடர் சேர்க்கப்பட்டிருந்தது: சதவீதக் கணக்கில் வரும் தொகை, அந்த வகுப்புக்குரிய நிலையான தொகைக்குக் குறையக் கூடாது. ஸ்லீப்பர் வகுப்பில் எவ்வளவு குறைவான கட்டணமாக இருந்தாலும் 120 ரூபாய் போயே தீரும் என்பது இதன் பொருள்.

நெடுந்தூரப் பயணத்தில் இது பெரிதாகத் தெரியாது. குறுகிய தூரத்தில் இதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஸ்லீப்பர் கட்டணம் 200 ரூபாய் என்று கொள்வோம். அதில் கால்பங்கு 50 ரூபாய். பாதி 100 ரூபாய். இரண்டுமே 120-ஐவிடக் குறைவு. ஆகவே ஒரு மாதம் முன்னதாக ரத்து செய்தாலும் 120 ரூபாய், முந்தைய நாள் ரத்து செய்தாலும் 120 ரூபாய், 5 மணி நேரம் முன்பு ரத்து செய்தாலும் 120 ரூபாய். பொறுப்போடு முன்கூட்டியே தெரிவித்தவருக்கு எந்தச் சலுகையும் இல்லை. கட்டணத்தில் 60 சதவீதம் எல்லா நிலையிலும் பறிபோகிறது. ஸ்லீப்பரில் கட்டணம் 480 ரூபாயைத் தாண்டினால்தான் 25 சதவீதம் என்ற கணக்கே உயிர்பெறுகிறது. 240 ரூபாயைத் தாண்டினால்தான் 50 சதவீதம் என்ற கணக்கு உயிர்பெறுகிறது.

மேல்வகுப்புகளில் நிலைமை வேறு. முதல்வகுப்புக் குளிர்சாதனத்தில் 4,000 ரூபாய் கட்டணம் செலுத்தியவர் இரண்டு நாட்களுக்கு முன்பு ரத்து செய்தால் இழப்பது 240 ரூபாய், அதாவது 6 சதவீதம். 700 ரூபாய் செலுத்திய ஸ்லீப்பர் பயணி இழப்பது 17 சதவீதத்துக்கும் மேல். 200 ரூபாய் செலுத்தியவர் இழப்பது 60 சதவீதம். கட்டணம் குறையக் குறையப் பிடித்தத்தின் விகிதம் ஏறுகிறது. அப்படியிருந்தும் நவம்பர் 12 அன்று எல்லா வகுப்புகளுக்கும் ஒரே அளவுகோலாக இரட்டிப்பு செய்யப்பட்டது.

இதோடு இன்னொரு மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2015 ஏப்ரல் 1 முதல் முன்பதிவுக் காலம் 60 நாட்களிலிருந்து 120 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. நான்கு மாதங்களுக்குப் பிறகு தன் உடல்நிலையும் விடுப்பும் எப்படியிருக்கும் என்று எந்தத் தொழிலாளியாலும் சொல்ல முடியாது. ஆனால் அப்போதே பதிவு செய்யாவிட்டால் படுக்கை கிடைக்காத நிலை இருந்தது. ஒரு கையால் முன்கூட்டியே பணத்தை வாங்கிக்கொண்டு, மறு கையால் ரத்துக் கட்டணத்தை இரட்டிப்பாக்கியது ரயில்வே.

இழப்பு எங்கே?

ரத்துக் கட்டணத்துக்கு ஒரே ஒரு நியாயம்தான் இருக்க முடியும். பயணி கடைசி நேரத்தில் விலகுவதால் படுக்கை காலியாகப் போய், ரயில்வேக்கு இழப்பு ஏற்படலாம். அதை ஈடுகட்ட ஒரு தொகை தேவை. காலிப் படுக்கைகளோடு ஓடும் ரயிலுக்கு இந்த வாதம் பொருந்தும். 700 ரூபாய் படுக்கை ஒன்று காலியாகச் சென்று, அதில் 350 மட்டுமே ரயில்வேயிடம் தங்கினால், எஞ்சிய 350 உண்மையான இழப்பே. இதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் காத்திருப்புப் பட்டியலோடு ஓடும் ரயிலில் நடப்பது என்ன? ஒரே ஒரு படுக்கையை வைத்துக் கணக்கிடுவோம். உறுதியான படுக்கை வைத்திருப்பவர் 700 ரூபாய் செலுத்தியிருக்கிறார். காத்திருப்புப் பட்டியலில் உள்ளவரும் 700 ரூபாயை ஏற்கெனவே செலுத்தியிருக்கிறார். முதலாமவர் பயணம் செய்தால், இரண்டாமவருக்கு இடமில்லை. அவருடைய பணத்தில் எழுத்தர் கட்டணமாக 60 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 640 திருப்பித் தரப்படுகிறது. அந்தப் படுக்கையால் ரயில்வேக்குக் கிடைப்பது 760 ரூபாய்.

முதலாமவர் அன்று காலை 8.30 மணிக்கு ரத்து செய்கிறார் என்று கொள்வோம். அவரிடம் 350 பிடிக்கப்படுகிறது. அந்த இடம் காத்திருந்தவருக்குச் செல்கிறது. அவருடைய 700 ரூபாயும் முழுமையாக ரயில்வேக்குச் சேர்கிறது. ஆக 1,050 ரூபாய். முதலாமவர் பயணம் செய்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட 290 ரூபாய் அதிகம். அவர் முந்தைய நாளே ரத்து செய்திருந்தால் 875; மூன்று நாட்களுக்கு முன்பே செய்திருந்தால் 820. எந்த நிலையிலும் ரயில்வேக்கு இழப்பு இல்லை, ஆதாயமே. பிடிக்கப்படும் தொகை இழப்பீடு அன்று. அது பயணியின் நெருக்கடியின்மீது விதிக்கப்படும் வரி.

இதில் இரண்டாமவரின் 60 ரூபாயையும் கவனிக்க வேண்டும். அவர் ரத்து செய்யவே இல்லை. படுக்கை தர முடியாமற்போனது ரயில்வே. இணையச் சீட்டாக இருந்தால், இறுதிப் பட்டியலில் இடம் கிடைக்காத நிலையில் அது தானாகவே ரத்தாகி, 60 ரூபாய் போக மீதி வங்கிக் கணக்குக்குத் திரும்புகிறது. இணைய முன்பதிவுக்கெனத் தனியே வாங்கிய சேவைக் கட்டணம் திரும்புவதில்லை. கவுண்டர் சீட்டாக இருந்தால், ரயில் புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பாவது நேரில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. தவறினால் முழுப் பணமும் போய்விட்டது. முன்பு ரயில் புறப்பட்டு 3 மணி நேரம் வரை இதற்கு அவகாசம் இருந்தது.

இடைத்தரகர் வாதம்

கூட்டமாகப் படுக்கைகளைப் பதிவு செய்து வைத்துக் கடைசி நேரத்தில் ரத்து செய்யும் இடைத்தரகர்களைக் கட்டுப்படுத்தவே இந்த மாற்றம் என்றது ரயில்வே. தரகர்களின் தொல்லை உண்மையானது. ஆனால் கடைசி நேர ரத்தைத் தடுப்பதுதான் நோக்கமென்றால், இரண்டு நாட்களுக்கு முன்பே, ஏன் இரண்டு மாதங்களுக்கு முன்பே ரத்து செய்பவரிடம் பிடிக்கும் தொகையை ஏன் இரட்டிப்பாக்க வேண்டும்? தரகருக்கு 120 ரூபாய் தொழில் செலவு. அதை வாடிக்கையாளர் தலையில் கட்டிவிடுவார். நோயாளிக்கு அந்த வழி இல்லை.

கடைசி 4 மணி நேரத்துக்கு ஒன்றுமே கிடையாது என்ற விதி, ரயில்வேயின் இன்னொரு ஏற்பாட்டுக்கே எதிராக வேலை செய்தது. அதே நவம்பர் 12 முதல் பயணிகள் பட்டியல் இருமுறை தயாரிக்கப்பட்டது. முதல் பட்டியல் அப்போது புறப்பாட்டுக்கு 4 மணி நேரம் முன்பு தயாரானது. இரண்டாவது அரை மணி நேரம் முன்பு. இடையில் காலியாக உள்ள படுக்கைகளைத் தேவைப்படுவோருக்கு விற்பதே இதன் நோக்கம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த இடைவேளையில் பயணத்தைக் கைவிடுபவருக்கு ஒரு காசும் திரும்பாது என்றால், அவர் எதற்காகத் தகவல் சொல்லப் போகிறார்? சீட்டை வீட்டிலேயே விட்டுவிடுவார். கணினியின் கணக்கில் அந்தப் படுக்கை நிரம்பியதாகவே இருக்கும். ரயில் ஓடத் தொடங்கிய பிறகு பரிசோதகர் வந்து பார்த்தால்தான் அது காலி என்பது தெரியும். நோயாளியோடு காத்திருக்கும் இன்னொரு குடும்பம் அதற்குள் வீடு திரும்பியிருக்கும். நூறு ரூபாயாவது திரும்பக் கிடைக்கும் என்றிருந்தால், அந்தத் தகவல் உரிய நேரத்தில் வந்து சேர்ந்திருக்கும்.

விதிக்குள் உள்ள உரிமைகள்

இந்த விதிகளை எதிர்க்கும் அதே வேளையில், அவற்றுக்குள் பயணிகளுக்கு எஞ்சியிருக்கும் உரிமைகளை மக்களிடம் எடுத்துச்சொல்வதும் தோழர்களின் கடமை. மூன்று செய்திகள் முக்கியமானவை.

ஒன்று, ரயிலையே ரயில்வே ரத்து செய்துவிட்டால் பிடித்தம் ஏதுமின்றி முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது ரயில்கள் ரத்தானதை அனைவரும் அறிவர். கவுண்டர் சீட்டு வைத்திருப்பவர்கள் புறப்பாட்டு நாளிலிருந்து மூன்று நாட்களுக்குள் சீட்டை ஒப்படைக்க வேண்டும்.

இரண்டு, பயணி ஏறவேண்டிய நிலையத்தில் ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து, அவர் பயணத்தைக் கைவிட்டால் முழுக் கட்டணமும் உண்டு. ஆனால் ரயில் உண்மையில் புறப்படுவதற்கு முன்பே கோரிக்கையைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

மூன்று, ஒரே சீட்டில் சிலருக்குப் படுக்கை உறுதியாகி மற்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில் நின்றுவிட்டால், உறுதியானவர்களுக்கும் சேர்த்து எழுத்தர் கட்டணம் மட்டுமே பிடிக்கப்பட வேண்டும். நோயாளிக்குப் படுக்கை கிடைத்துத் துணைக்கு வருபவருக்குக் கிடைக்காதபோது கைகொடுக்கும் விதி இது. மேற்கண்ட குடும்பத்துக்கு இந்நிலை ஏற்பட்டால், புறப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, அதாவது 2.20 மணிக்குள் ஒப்படைத்தால் பிடித்தம் 180 ரூபாய்தான். இது தெரியாமல் பலர் பாதிக் கட்டணத்தை இழந்துவிட்டதாக நினைத்துச் சீட்டைத் தூக்கியெறிகிறார்கள். உறுதியான தட்கல் சீட்டை ரத்து செய்தால் எதுவும் திரும்பாது என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்க வேண்டும்.

கோரிக்கைகள் எளிமையானவை. ரத்து செய்யப்பட்ட படுக்கை இன்னொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டால், அதற்கான நிர்வாகச் செலவுக்கு மேல் பிடிக்கக் கூடாது. எந்தப் படுக்கை யாருக்குச் சென்றது என்பது கணினியில் பதிவாகியிருக்கும் நிலையில் இதைச் செயல்படுத்துவதில் தடையேதும் இல்லை. நிலையான தொகை கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இடம் தர முடியாத காத்திருப்புப் பயணியிடம் எழுத்தர் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்றோடு வருவோருக்கு ரயில் புறப்படும் வரை பாதிப் பணமாவது திரும்ப வேண்டும். கவுண்டர் மூடியிருக்கும் நேரத்தைக் கால எல்லையிலிருந்து கழித்துக் கணக்கிட வேண்டும்.

ரயில்வே ஒரு பொதுச் சேவை. அதன் வருவாய்ப் பற்றாக்குறையை ஈடுகட்ட வேண்டியது நிதிநிலை அறிக்கையின் வழியே, நாடாளுமன்றத்தில் விவாதித்து. காலை 10.50 மணிக்கு ஒரு நிமிடம் பிந்திவிட்ட நோயாளியின் 1,050 ரூபாயைக் கொண்டு அதைச் செய்யக் கூடாது.